சிறுத்தொண்டர் செய்த வல்வினை

சித்திரைத் திங்கட் பரணி நாளிற் சிறுத்தொண்ட நாயனார் குருபூசை நிகழ்வது சைவ நன்மக்கள் அறிந்ததே. சில ஆண்டுகட்கு முன் அந்நாளிற் கோவிற்பட்டிக்கு அணித்தாயுள்ள கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் நாயனார் புராணத்தை விரித்துரைக்குமாறு அவ்வூரன்பர்கள் அடியேனை அழைத்திருந்தனர். பருத்தியெடுப்பு முடிந்து மாரும் பிடுங்கிய காலம். நிலமெல்லாம் கால் நுழையுமளவு வெடிப்போடிக் கிடந்தது. இரவு ஒன்பது மணியளவிற் கதையை முடித்து, சீராளன் பள்ளியினின்றும் ஓடி வருவான் போல வந்ததையும் இறைவன் உமையம்மையோடும் முருகவேளோடும் காட்சி தந்ததையும் கூறிக் கற்பூரங் காட்டச் செய்தேம்.

கூட்டங் கலைந்தபின் ஓரம்மையார் எஞ்சி நின்றார். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவர் என்று பின்னர் அறிந்தேன். "ஐயா, அந்தப் பிள்ளை கூப்பிட்டதும் வந்துட்டான். எம் பிள்ளை காய்ச்சல்ல போயி ரெண்டு வருசமாச்சு. நானும் வாசல்ல நின்னு கூப்பிடாத நாளில்ல. எங்கிட்ட என்ன கொறை?" என்றார். இறைவன் திருவுள்ளத்தை யாரறிவார் என்று எதனையோ சொல்லி அனுப்பினேன். அது விடையன்று என்பது அவ்வம்மையார்க்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மடத்துப் பாடசாலையிற் புராணத்தை முறையாகப் பாடங் கேட்டு, முப்பதாண்டு பிறர்க்குப் பாடஞ் சொல்லியும், அவ்வினாவிற்கு நூலில் விடை உண்டா என்று அதுவரை யான் தேடியதில்லை. அன்றிரவு தொடங்கித் தேடியதை ஈண்டு எழுதுகின்றேன்.

குற்றம் முதற்கண் நம் பிரசங்கிமாரிடத்து உளது. அடியேனும் அவருள் ஒருவனே. நாம் இச்சரிதத்தை ஒரு தேர்வும் அதன் பரிசுமாகச் சொல்லிவிடுகின்றோம். இறைவன் கேட்டான், நாயனார் கொடுத்தார், தேறினார், பிள்ளை மீண்டது. இங்ஙனம் சொல்லின், பிள்ளை மீளாதவரெல்லாம் தேறாதவர் என்பது தானே போதரும். அம்மையார் கேட்டது அதனையே. ஆகவே, சேக்கிழார் அவ்வாறு பாடினாரா என்பதே ஆராயத்தக்கது.

நாயனார் மாமாத்திரர் குலத்துப் பரஞ்சோதியார். மருத்துவ நூலும் வடநூற்கலையும் படைத்தொழிலும் கற்றுப் பல்லவ மன்னன் படைத்தலைவராய் வாதாபியை அழித்தவர். வாதாபி வீழ்ந்தது 642-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி என்பர் வரலாற்றறிஞர். அவர் சிவனடியார் என்றறிந்த மன்னன், அடியாரைப் போர்முகத்து விடுத்த பிழைக்கு நடுங்கி, பொருள் பல தந்து பணியினின்றும் விடுவித்தான். திருமருகலுக்கு அருகிலுள்ள திருச்செங்காட்டங்குடியில், நாடோறும் ஓரடியார்க்கேனும் அமுதளித்த பின்னரே தாமுண்ணும் நியமம் பூண்டு அவர் வாழ்ந்தார். உடல் எங்கு அரியின் எங்ஙனம் ஆகும் என்பதை மருத்துவராகவும் போர்வீரராகவும் அறிந்த கை அது. அறியாமையாற் செய்தார் என்று கூற இடமில்லை என்பதற்காகவே இவ்வரலாறெல்லாம் முற்கூறப்பட்டது போலும்.

பயிரவ வேடத்தார் வந்த நாளில் நாயனார் மனையில் இல்லை. அமுது செய்விக்க அடியாரைத் தேடி வெளியே போயிருந்தார். மகளிர் தனித்திருக்கும் மனையிற் புகோம் என்று வந்தவர் கணபதீச்சரத்து ஆத்தியின் கீழ் இருந்தார். நாயனார் ஆங்குச் சென்று வணங்கி அழைத்தபோது, உம்மால் அது முடியாது என்று அவர் முதலிலேயே மறுத்தார். மூன்று இருதுக்கள், அஃதாவது ஆறு திங்கள், கழிந்தபின் ஒருமுறை பசு வீழ்த்து உண்பது தம் வழக்கம் என்றார். ஆநிரைக்குக் குறைவில்லை என்று நாயனார் மகிழ்ந்தார். அதன்பின்னரே அப்பசு நரப்பசு என்பதும், ஐந்து வயதிற்குட்பட்டு உறுப்பிற் குறையில்லாதது என்பதும் வெளியாயின. அதன்மேலும் ஒன்று கூறுகின்றார்: ஒரு குடிக்கு ஒருவனாய சிறுவனைத் தாய் பிடிக்கத் தந்தை அரிய, இருவரும் மனமுவந்து கறியாக்கல் வேண்டும்.

இங்கே நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. வந்தவர் 'உன் மகனைத் தா' என்று யாண்டும் கூறவில்லை. ஒரு குடிக்கு ஒரு மகன் என்றே கூறினார். பிறர் பிள்ளைக்கு வாயில் திறந்தே கிடந்தது. நாயனார் மனையிற் சென்று திருவெண்காட்டு நங்கையாரிடம் சொல்லியபோது, அத்தகைய மகனைப் பெறுவது எங்ஙனம் என்று அவ்வம்மையார் வினவுகின்றார். வேண்டுமளவு நிதி கொடுத்தால் மகனைத் தருவாரும் உளராவர். ஆயின் எதிர்நின்று தம் மகனைத் தாமே அரியும் தாய்தந்தையர் ஒருவரும் இலர். ஆதலின் நம் மகனையே அழைப்போம் என்பது நாயனார் விடை. உவந்து செய்தல் வேண்டும் என்ற ஒரு நிபந்தனையே விலைக்கு வாங்கும் வாயிலை அடைத்துவிட்டது. கொடுப்பவன் தன்னுடையதையன்றிப் பிறருடையதைக் கொடுக்க முடியாதபடி கதை தன்னைத்தானே பூட்டிக்கொள்கின்றது.

இதன் அருமை, வடமொழி ஐதரேயப் பிராமணத்திலுள்ள சுனச்சேபன் கதையோடு ஒப்பிடுவார்க்கு விளங்கும். அரிச்சந்திரன் வருணனிடம் பிள்ளைவரம் வேண்டி, பிறக்கும் பிள்ளையையே பலி தருவதாக நேர்ந்துகொண்டு, பிறந்தபின் நாட்கடத்துகின்றான். இறுதியில் மகனுக்கு ஈடாக அசீகர்த்தன் என்னும் வறிய அந்தணன் மகன் சுனச்சேபன் நூறு பசுவிற்கு விலைக்கு வாங்கப்படுகின்றான். வேள்வித்தூணிற் கட்ட ஆளில்லை. தந்தையே மேலும் நூறு பசு பெற்றுக் கட்டுகின்றான். வெட்ட ஆளில்லை, இன்னும் நூறு பெற்று அவனே கத்தி தீட்டி வருகின்றான். தேவரைத் துதித்துத் தப்பிய சுனச்சேபன், திரும்பி வா என்ற தந்தையை மறுத்து விசுவாமித்திரர்க்கு மகனாகின்றான். ஆங்கும் தந்தை கையிற் கத்தி. ஈங்கும் தந்தை கையிற் கத்தி. ஆங்கு முந்நூறு பசு, ஈங்கு ஒன்றுமில்லை. ஆங்குப் பிழைத்த மகன் தந்தையை விட்டு நீங்கினான். ஈங்கு அரியப்பட்ட மகன் தந்தை குரலுக்கு ஓடிவந்தான். வெளிச்செயல் ஒன்றாயிருப்பினும் வினை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. யூதர் வேதத்து ஆபிரகாம் வரலாற்றையும் ஒப்பிடுவார் உளர். ஆங்கு ஓங்கிய கை தடுக்கப்பட்டு ஓர் ஆட்டுக்கடா ஈடாயிற்று. ஈங்குத் தடுப்பார் எவருமிலர்.

அற்றேல், உவந்து அரிந்தார் எனின் அன்பில்லாதவரோ எனின், அன்று. சேக்கிழார் அன்பைக் குறைத்துக் காட்டி எளிதிற் போய்விடவில்லை. நாயனார் பள்ளிக்குச் செல்கின்றார். பிள்ளை சதங்கை ஒலிக்க ஓடிவந்து தழுவுகின்றான். தோளில் எடுத்து வருகின்றார். தாயார் எதிர்வந்து வாங்கி, குஞ்சி திருத்தி, முகந் துடைத்து, நீராட்டி, கோலஞ் செய்து கணவர் கையிற் கொடுக்கின்றார். அப்பொழுது உச்சி மோவாமலும், மார்பில் அணைத்து முத்தங் கொள்ளாமலும் நிற்கின்றனர். ஏன்? அடியார்க்குக் கறியமுதாக வேண்டியது என்னும் அச்சம். திருவமுதிற்கு ஆக்கியதை முன்னே மோந்து பார்த்தலும் சுவைத்தலும் ஆகாது என்பது நம் மனைகளில் இன்றுமுள்ள ஒழுக்கம். அவ்வொழுக்கத்தைப் பிள்ளை மேல் வைத்துக் காட்டிய இடம் இது. முத்தமிட விழையும் அன்பு அங்கே முழுதும் இருத்தலானன்றோ அதனைத் தடுக்க ஓரச்சம் வேண்டப்பட்டது! அன்பில்லாதவன் முத்தமிடாமையைப் பாட வேண்டுவதில்லை. பிரசங்கங்களில் இப்பகுதியை ஓடிக் கடந்து வெட்டுமிடத்தைப் பறையறைந்து விரிப்பது எனக்கு என்றும் உவப்பாயிருந்ததில்லை. சேக்கிழார் வெட்டியதைச் சுருங்கவே சொல்லியமைகின்றார்.

இனி, அம்மையார் வினாவிற்குரிய இடம். கறி சமைந்தது. தலை அமுதிற்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்டது. வந்தவர் அதுவும் உண்போம் என்றார். சந்தனத்தாதியார் முன்னறிந்து சமைத்து வைத்திருந்தமையால் அவ்விடர் தீர்ந்தது. தனித்துண்ணோம், உடனுண்ண அடியார் ஒருவரைக் கொணர்க என்றார். வெளியே எவரும் அகப்படவில்லை. நீரே உடனிரும் என்றார். நாயனார் இருந்து, அவரை உண்பிக்கத் தாம் முன்னே உண்ணத் தொடங்கினார். உடனே தடுத்து, ஆறு திங்களுக்கு ஒருமுறை உண்ணும் யாமே பொறுத்திருக்க, நாளும் உண்ணும் நீர் விரைவது ஏன் என்று கேட்டு, மகனை அழைத்தாலன்றி உண்ணோம் என்றார். இப்போது அவன் உதவான் என்பதே நாயனார் மறுமொழி. பொய்யுமன்று, உண்மையை விரித்ததுமன்று.

வந்தவர் விடவில்லை. இருவரும் வாயிலிற் சென்று அழைக்கின்றனர். இவ்வழைப்பின் கருத்து யாது? பிள்ளை மீள்வான் என்னும் நம்பிக்கையா? நூலில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. சிவனடியார் உடனுண்ண அழைக்கின்றார், யாம் உய்ய வா என்பதே தாயார் அழைப்பின் பொருள். அடியார் உண்ணாது போய்விடுவாரே என்னும் ஒரு கவலையே இருவரிடத்தும் உள்ளது. பிள்ளை ஓடிவருகின்றான். தாயார் எடுத்து அணைத்துக் கணவர் கையிற் கொடுக்கின்றார். அதன்பின் அவர் களிக்கும் களிப்பு, இனி அடியார் அமுது செய்வார் என்னும் களிப்பு. மகனை விரைந்து கொண்டு உள்ளே செல்கின்றனர். பயிரவரைக் காணவில்லை, கலத்திற் கறியும் இல்லை. நாயனார் கலங்கித் திகைத்து விழுவது அப்பொழுதுதான். மகனை அரிந்தபோது கலங்காதவர், மகன் கையில் இருக்க, விருந்தினரைக் காணாமையாற் கலங்குகின்றார்.

ஆகவே மகன் மீண்டது நாயனார்க்குப் பரிசாக வந்ததன்று. விருந்து நிறைவேறுதற்கு வேண்டிய பொருளாக வந்தது. பரிசு என்று அவர் கொண்டிருப்பாராயின், பெற்றபின் தேடியிரார். இறைபணியில் நிற்றல் என்று சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் கூறும் நிலை இது; செய்பவன் யான், செய்யப்படுவது எனது என்னும் இரண்டும் நீங்கியவிடத்து, இழந்தேன் என்றற்கும் பெற்றேன் என்றற்கும் ஆளில்லை. சோதனை கத்தியெடுத்தபோது முடிந்துவிடவில்லை. பிள்ளை மீண்ட கணத்தும் நடந்தது என்பது அடியேன் துணிபு. அப்போது விருந்தினரை மறந்திருந்தால் முன்செய்தது முழுதும் வாணிகமாய்ப் போயிருக்கும்.

இனி, இவ்வினையை நாமும் பின்பற்றலாமோ என்பதற்குச் சாத்திரம் ஐயமின்றி எல்லை கட்டியுள்ளது. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய திருக்களிற்றுப்படியார், திருக்கடவூர் உய்யவந்த தேவநாயனார் அருளியது. அது சிவதருமத்தை மெல்வினை என்றும் வல்வினை என்றும் பகுக்கின்றது. அருச்சனையும் அதன் அங்கங்களுமாக நமக்கு எளியனவாயவை மெல்வினை. வல்வினைக்கு முதற்கண் எடுத்துக் காட்டுவது வயிரவர்க்குக் கறியாக்கிய இச்செயலையே. அதனைக் கொலை என்றும் கொடிது என்றும் சொல்லக் கூசவுமில்லை. தந்தை தாளை வெட்டிய சண்டேசுரரும், தம் கழுத்தை அரியப் புகுந்த அரிவாட்டாயரும் அடுத்து வருகின்றனர். மெல்வினை நமக்காவது என்று கூறிய ஆசிரியர் வல்வினையை நமக்கு விதிக்கவில்லை. பட்டினத்தார் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றார். மகவை அரிந்து ஊட்டவும், மனைவி இட்ட ஆணைக்காக இளமையைத் துறக்கவும், ஆறு நாளிற் கண்ணை இடந்து அப்பவும் தாம் வல்லவரல்லர் என்று கூறிக் காளத்தியப்பர்க்கு ஆளாவது எங்ஙனம் என்று இரங்குகின்றார். முற்றத் துறந்த முனிவரே என்னால் ஆகாது என்ற செயலை, ஆகும் என்று ஒருவன் சொல்லின், அவன் சொல்லை ஐயுறுதலே முறை.

சரிதத்தின் பழமை பற்றி ஒரு சொல். ஞானசம்பந்தர் செங்காட்டங்குடிப் பதிகத்திற் சிறுத்தொண்டரைப் பெயர் சுட்டிப் பாடியும் பிள்ளைக்கறியைப் பாடவில்லை. ஆதலின் இது பிற்காலப் புனைவு என்பார் உளர். பெரியபுராண முறைப்படி பிள்ளையார் அங்கு எழுந்தருளியது பயிரவர் வருகைக்கு முன்னாதலின், பாடாமை கொண்டு ஒன்றும் நாட்ட இயலாது. இராசராசன் காலத்துத் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் சிறுத்தொண்டர், திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் செப்புத் திருமேனிகள் பயிரவரோடு குறிக்கப்படுகின்றன. சேக்கிழார்க்கு நூறாண்டிற்கு முன்னரே கதை வழிபாட்டில் ஊன்றியிருந்தது என்பதளவில் உறுதி. ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததைக் காட்ட அக்கல்வெட்டுப் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

நம் வானம்பார்த்த பூமியில் இக்கதையோடு கலந்து மயங்கும் வேறு கதைகள் உண்டு. கண்மாய் மடை நிற்கவில்லை, தலைச்சன் பிள்ளையைப் பலியிட்டபின் நின்றது என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் பலவாறு சொல்லுவர். கேட்போர் இதனையும் சீராளன் வரலாற்றையும் ஒரு கட்டாகக் கட்டிவிடுகின்றனர். மடைக் கதையில் ஒரு பயன் முன்னே நிற்கின்றது; பலியாவது பெரும்பாலும் வலியற்றவர் பிள்ளை. இது சுனச்சேபன் வழியேயன்றிச் சீராளன் வழியன்று. 2002-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துப் பேரையூரிற் குழந்தைகளைச் சிறிது நேரம் குழியிற் கிடத்தி மண் மூடி எடுத்த குழிமாற்றுத் திருவிழாச் செய்தி வெளிவந்தபோது, அதனைத் தாங்கிப் பேசிய ஒருவர் என்னிடம் சிறுத்தொண்டரைச் சான்று காட்டினார். வேண்டியது கிடைத்தமைக்குத் தாமே நேர்ந்து செலுத்தும் நேர்த்திக்கடன் அது. நாயனார் எதனையும் வேண்டவில்லை, எதனையும் நேரவுமில்லை. பச்சிளம் பிள்ளைக்கு மூச்சடைக்கும் துன்பம் வேறு. இரண்டையும் இணைக்க வாயெடுப்பார், பிள்ளையை வைத்து ஏதேனும் ஒரு பயன் கருதப்படுகின்றதா என்று முதலிற் பார்த்தல் நலம். கருதப்படின் சிறுத்தொண்டர் பெயரை அங்கே எடுத்தலாகாது.

நம்மவர்க்கு ஏற்ற மெல்வினை நம் வழக்கிலேயே உண்டு. முன்பிறந்தவை தங்காத வீட்டிற் பிறந்த பிள்ளையைச் செந்திலாண்டவன் சந்நிதியில் தத்துக் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி வருகின்றனர். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றும் பிச்சை என்றும் பெயரிட்டழைப்பதை இப்பக்கத்தில் யாரும் அறிவர். கத்தியில்லை, குருதியில்லை. எனினும் அன்றுமுதல் அப்பிள்ளை பெற்றோர்க்கு இறைவன் பிள்ளை, தாம் வளர்ப்பவர். கிழவிகள் கையில் ஒரு முறம் தவிட்டோடு நடக்கும் இச்சிறு சடங்கினை நகைப்பார் உளர். எனது என்பதை ஒரு கணம் விடுவித்துப் பிறனுடையதாக ஏற்கும் பயிற்சி இது என்பது அவர் கருத்திற் படவில்லை.

மறு ஆண்டும் அவ்வூரிற் பரணி நாளிற் பேச வாய்த்தது. கற்பூரத்தோடு முடிக்கவில்லை. மகன் கையில் இருக்க நாயனார் விருந்தினரைத் தேடி வெளியே ஓடும் இடத்தை நெடுநேரம் நின்று சொன்னேன். அம்மையார் முன்வரிசையில் இருந்தார். பின்னர் அவரிடம் தனியே, "தாயே, சென்ற ஆண்டு நான் கதையைத் தவறாகச் சொல்லிவிட்டேன். பிள்ளை வந்தது அவர்கள் தேறியதற்குக் கூலியன்று. உம்மிடத்துக் குறை ஒன்றுமில்லை" என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். "அப்ப நான் கூப்பிட்டது தப்பில்லையே?" என்றார். தப்பில்லை என்றேன். மகேசுவர பூசைக்குப் பந்தி அமர்ந்துகொண்டிருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு இலை போடப் போனார்.